பிரேயரில் பேசியதை வராத பிள்ளைக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

நீடாமங்கலம் பக்கம், கோரையாற்றை ஒட்டிய ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்து படிக்கும் உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. வாரத்தின் முக்கியமான அறிவிப்பெல்லாம் திங்கட்கிழமை காலைப் பிரேயரில்தான் வரும். பிள்ளைகள் அதிகம் வராத நாளும் அதே திங்கட்கிழமைதான். கோயில் விசேஷம் என்று சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். அம்மா வயலுக்குப் போய்விட்டால் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நின்றுவிடும். காலையில் வரும் டவுன் பஸ் வராவிட்டால் ஒரு தெருவே வராது.

பிரேயரை ஓர் ஆசிரியர் போனில் பதிவு செய்துவிடுகிறோம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் பதிவு போனில் இருப்பதால் வராத பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. அதை வைத்து என்ன செய்வது என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தபோது நான்கு யோசனைகள் வந்தன. பதிவை அப்படியே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். பேச்சு முழுவதையும் எழுத்தாக்கி அனுப்பலாம். பதிவைக் கேட்காமலே, தலைமையாசிரியை கையில் வைத்திருந்த குறிப்புச் சீட்டை வாங்கி அதை எழுதி அனுப்பலாம். அல்லது ஒருவர் உட்கார்ந்து முழுதும் கேட்டு, ஒரு பக்கத்தில் சிறு அறிக்கை எழுதலாம்.

எது சரி என்று பொதுவாகப் பேசிக்கொண்டே போகலாம், முடிவு வராது. ஒரே ஒரு பிரேயரை எடுத்து நான்கு வழியிலும் போட்டுப் பார்ப்போம். ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்த ஆண்டு அது. மறுநாள் திங்கள், ஆகஸ்ட் 4. வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு நிறைய விடுப்பு.

பதிவு மொத்தம் 16 நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி வாசிப்பு என்று முதல் 5 நிமிடம் போய்விடும். அப்புறம் தலைமையாசிரியை. பிள்ளைகளுக்கு அவர் ‘பெரிய டீச்சர்’. 9 நிமிடம் பேசினார். முந்தின நாள் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்த மூன்று பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிற்க வைத்து ஆரம்பித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பதிவில் இருப்பது இப்படி: “ஆத்துல மணல் எடுத்த எடம் பள்ளமாக் கெடக்கும். தண்ணி இல்லாதப்ப நீங்களே அதுல எறங்கி வெளையாண்டிருப்பீங்க. இப்பத் தண்ணி நெறஞ்சு மேல ஒரே மட்டமாத் தெரியும். எங்க பள்ளம்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.” அதற்கடுத்து, யாராவது மூழ்கினால் காப்பாற்றுகிறேன் என்று குதிக்கக் கூடாது, கயிறோ துண்டோ நீளக் கம்போ நீட்ட வேண்டும், கரையில் நின்று கத்திப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்றார்.

இதற்கு நடுவில்தான் ஒரு சின்ன விலகல். “ஆத்தங்கரையோரமா நடந்து வர்றதுனாலதானே எறங்கத் தோணுது, பஸ்ல வாங்க. பஸ் பாஸுக்கு இன்னும் போட்டோ குடுக்காதவங்க நாளைக்கே கிளாஸ் டீச்சர்கிட்ட குடுத்துருங்க.” சொல்லிவிட்டு மறுபடி ஆற்றுக்குப் போய்விட்டார்.

அவர் பேச்சின் கடைசி 3 நிமிடத்தில் அறிவிப்புகள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுத விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். வருமானச் சான்று கையில் இல்லாவிட்டாலும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த ரசீதைக் காட்டினால் இப்போதைக்குப் போதும். அடுத்த திங்கட்கிழமை எல்லாருக்கும் குடற்புழு நீக்க மாத்திரை, அன்றைக்கு வராதவர்களுக்கு அதற்கடுத்த திங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சுதந்திர தினக் கொடியேற்றம், காலை எட்டரைக்கு வந்துவிட வேண்டும். நாட்டுப்பண் முடிந்தது. வரிசை கலையும்போது பி.இ.டி. சார் மைக்கை வாங்கி, “கொடியேத்தத்துக்கு எட்டரை இல்ல, எட்டு மணிக்கே வந்துரணும். டிரில்லுல இருக்குறவங்க புதன்கிழமையிலேருந்து சாயங்காலம் நிக்கணும்” என்றார்.

இந்த 16 நிமிடத்தில் இரண்டு வேறு சரக்கு இருக்கிறது. ஒன்று செய்தி, அதாவது பெரிய டீச்சர் பிள்ளைகள் மனதில் பதிய வேண்டும் என்று சொன்னது. மற்றது அறிவிப்பு: யார், எதை, எப்போதைக்குள், யாரிடம். செய்தியைச் சுருக்கலாம், 6 நிமிடப் பேச்சு நான்கு வரிக்குள் அடங்கும், சாரம் போகாது. அறிவிப்பைச் சுருக்க முடியாது, பொறுக்கி எடுக்கத்தான் முடியும். ‘எட்டாம் வகுப்பு மட்டும்’ என்ற மூன்று சொல்லைச் சுருக்கிவிட்டால் அறிவிப்பே வேறாகிவிடும். நான்கு வழிகளையும் இதை வைத்துத்தான் அளந்து பார்க்கிறேன்.

பதிவை அப்படியே அனுப்புவது சோம்பேறி வழி என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அதற்கும் ஒரு நியாயம் உண்டு. பெரிய டீச்சரின் குரலில் ‘உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது’ என்பதைக் கேட்பதும் எழுத்தில் படிப்பதும் ஒன்றாகாது. பொருள் மாறும் ஆபத்தும் இல்லை. சிக்கல் மற்ற இடத்தில். போன் அப்பாவிடம் இருக்கும், அப்பா இரவு எட்டு மணிக்கு வருவார். வந்ததும் 16 நிமிடம் உட்கார்ந்து, தமிழ்த்தாய் வாழ்த்திலிருந்து ஆரம்பித்து, 13-ஆவது நிமிடத்தில் தன் பிள்ளைக்கு வேண்டிய ஒரு வரி வரும்வரை கேட்பாரா? யாரும் கேட்க மாட்டார்கள். ரெக்கார்டர் செயலி பொதுவாக எடுக்கும் தரத்தில் நிமிடத்துக்கு ஒரு எம்.பி. போல ஆகும், பதிவிறக்கவே யோசிப்பார்கள். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், நிற்க வைக்கப்பட்ட மூன்று பையன்களின் பெயரும் அந்தப் பதிவில் இருக்கிறது. மைதானத்தில் திட்டு வாங்கியது மதியத்துக்குள் மறந்துபோகும். அதே திட்டு வாட்ஸ்அப்பில் போனால் ஊர் முழுக்கச் சுற்றும். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் வழி எனக்கு ஒப்பவில்லை.

முழுப் பேச்சையும் எழுத்தாக்குவது இரண்டாவது. கையால் கேட்டு எழுதினால் 9 நிமிடப் பேச்சுக்கு முக்கால் மணி நேரம் சாதாரணமாக ஆகும். நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டு எழுத வேண்டுமே. போன் விசைப்பலகையில் இருக்கும் மைக் பொத்தானை அழுத்தி, இன்னொரு போனில் பதிவை ஓடவிட்டால் தானாகவே எழுத்தாகிவிடும் என்று ஒரு இளம் ஆசிரியை சொன்னார். ஒருவர் போனை வாய்க்கு அருகில் பிடித்துத் தெளிவாகச் சொன்னால் அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. மைதானத்துக் குழாய் ஒலிபெருக்கியின் எதிரொலி, காற்று, பின்னால் பிள்ளைகள் சலசலப்பு எல்லாம் சேர்ந்த பதிவில் அது திணறுகிறது. பேச்சுத் தமிழ் ஒரு பக்கம், ‘என்.எம்.எம்.எஸ்.’ மாதிரி எழுத்தெழுத்தான பெயர் ஒரு பக்கம். வாக்கியம் எங்கே முடிகிறது என்று புள்ளி விழாது. ‘எட்டரை’ என்பது ‘எட்டு அறை’ என்று வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். தவறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மறுபடி முழுதும் கேட்கத்தான் வேண்டும். அப்படியென்றால் மிச்சமானது என்ன?

சரி, பிழையே இல்லாமல் எழுத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எண்ணூறு, தொள்ளாயிரம் சொல் வரும். வீட்டில் படிப்பவருக்கு இது 9 நிமிடப் பதிவைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அறிவிப்பு இன்னும் பேச்சுக்குள்தான் புதைந்து கிடக்கிறது. பஸ் பாஸ் போட்டோ விஷயம் ஆற்றுக் கதைக்கு நடுவில், அதே இடத்தில். இதில் ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும்: ஆண்டு விழா உரை, ஓய்வு பெறும் ஆசிரியரின் கடைசிப் பேச்சு மாதிரி, வார்த்தைக்கு வார்த்தை வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சு என்றால் அந்த உழைப்பு தகும். திங்கட்கிழமைப் பிரேயருக்குத் தகாது.

மூன்றாவது வழியைத்தான் பல பள்ளிகளில் செய்கிறார்கள். தலைமையாசிரியை கையில் ஒரு சீட்டு இருக்கும், அலுவலகத்தில் சுற்றறிக்கை நோட்டும் இருக்கும். அதிலிருந்து எழுதினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தேர்வின் பெயர், தேதி, கடைசி நாள் ஆகியவற்றில் காதால் கேட்டதைவிடச் சீட்டே நம்பகமானது. அதை மறுக்க முடியாது. ஆனால் பேச நினைத்ததுதான் சீட்டில் இருக்கும். பேசியது வேறு. ஆகஸ்ட் 4 சீட்டில் மூன்று வரிதான்: என்.எம்.எம்.எஸ்., மாத்திரை, ஆகஸ்ட் 15. பஸ் பாஸ் போட்டோ அதில் கிடையாது. அது பேச்சோடு வந்தது. ரசீது போதும் என்பதும் கிடையாது. யாரோ ஒரு ஆசிரியர் காதில் சொன்னதைக் கேட்டு அந்த இடத்திலேயே சேர்த்தார். கொடியேற்ற நேரம் சீட்டில் எட்டரை என்றுதான் இருக்கும், ஏனென்றால் பி.இ.டி. சார் திருத்தியது பிறகு. ஆற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது மனதிலிருந்து வந்தது, சீட்டு எதற்கு?

இவற்றில் ரசீது விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்றுத் தேர்வான பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். வயல் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. ‘வருமானச் சான்றுடன் வெள்ளிக்குள் பெயர் கொடுக்கவும்’ என்று அறிக்கை போனால் என்ன ஆகும்? சான்று நான்கு நாளில் கைக்கு வராது என்று தெரிந்த அப்பா, ‘இந்த வருசம் விட்டுரு’ என்று சொல்லிவிடுவார். அல்லது கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு அலைவார். பேச்சில் இருந்த ‘ரசீது காட்டினால் போதும்’ என்ற வரி அந்தப் பிள்ளை தேர்வு எழுதுவதா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது. பதிவைக் கேட்காமல் அது கிடைக்காது.

ஆக, எஞ்சியது நான்காவது வழி. கேட்டு எழுதுவது. ஆனால் மூன்று இடத்திலிருந்து எடுத்துக்கொண்டுதான் இது நிற்கும். செய்திக்குப் பதிவு, தேதிக்கும் பெயருக்கும் சீட்டு, தெளிவில்லாத இடத்துக்குப் பேசியவர் வாயே. ஒரு ஆசிரியருக்கு அரை மணி நேரம் ஆகும்; அதை மறைக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு பாடவேளை போகிறது. தமிழாசிரியர் தலையில் கட்டிவிடுவது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். முறை வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

வேலை பதிவு செய்யும்போதே ஆரம்பிக்கிறது. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் துணி உரசும் சத்தம்தான் கேட்கும். குழாய் ஒலிபெருக்கிக்கு நேரே நின்றால் குரல் கிழியும். பேசுகிறவர் மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மேசை மேல் வைத்துவிடுவது நல்லது. விமானப் பயன்முறையில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் யாராவது கூப்பிட்டுப் பதிவு அறுந்துபோகும். முக்கியமாக, நாட்டுப்பண் முடிந்ததும் நிறுத்தக் கூடாது. திருத்தமும் நினைவூட்டலும் வரிசை கலையும்போதுதான் வரும். கடைசி வரிசை வகுப்புக்குள் போகும்வரை ஓடட்டும்.

கேட்கும்போது ஒரு நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்கிறேன். இடது பக்கம் செய்தி, வலது பக்கம் அறிவிப்பு. ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் பதிவின் நிமிடத்தை எழுதிவிடுவேன். முதல் முறை எங்கும் நிறுத்தாமல் ஒரே மூச்சாகக் கேட்க வேண்டும். நிறுத்தி நிறுத்தி எழுத ஆரம்பித்தால் 12-ஆவது நிமிடத்தில் எட்டரை என்று எழுதி முடித்துவிடுவோம்; 15-இல் வரும் எட்டு மணி தப்பிவிடும். பேச்சின் கணக்கு எளிது: ஒரே விஷயத்துக்கு இரண்டு நேரம் வந்தால், பின்னால் வந்ததுதான் பெரும்பாலும் சரி. ஆனாலும் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு கேட்டுவிட வேண்டும்.

ஆகஸ்ட் 4 பக்கத்தில் வலது பத்தியில் வந்தவை இவை:

9.40 பஸ் பாஸ் போட்டோ, ‘நாளைக்கே’
11.15 என்.எம்.எம்.எஸ்., 8-ஆம் வகுப்பு, ‘வெள்ளிக்கிழமைக்குள்ள’, ரசீது போதும்
12.05 மாத்திரை, ‘அடுத்த திங்கள்’, விட்டவர்களுக்கு ‘அதுக்கடுத்த திங்கள்’
12.50 கொடியேற்றம் ‘அடுத்த வெள்ளி’, எட்டரை
15.20 பி.இ.டி. சார்: எட்டு மணி, டிரில் ‘புதன்லேருந்து’

இரண்டாவது முறை முழுதும் கேட்க வேண்டியதில்லை. இந்த ஐந்து நிமிடங்களுக்கு மட்டும் போய், சாதாரண வேகத்தில் கேட்டு, வார்த்தையைச் சரிபார்த்தால் போதும். காது ஏமாறும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான்: ‘ஏழாம்’, ‘எட்டாம்’, ‘பதினாலு’, ‘பதினாறு’, ‘எட்டு’, ‘எட்டரை’. எண் வரும் இடத்தில் இரண்டு முறை கேட்பது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிழை வராது.

அடுத்தது நாட்களைத் தேதியாக்குவது. இதில்தான் அறிக்கைகள் அதிகம் கவிழ்கின்றன. மைதானத்தில் நின்ற பிள்ளைக்கு ‘நாளைக்கு’ என்றால் செவ்வாய். அறிக்கையைப் புதன்கிழமை படிக்கும் பிள்ளைக்கு ‘நாளைக்கு’ வியாழன். ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதும் ‘அடுத்த வெள்ளி’ என்பதும் ஒரே பேச்சில் வந்தால் இன்னும் குழப்பம். முதலாவது ஆகஸ்ட் 8, இரண்டாவது ஆகஸ்ட் 15. சுதந்திர தினம் என்பதால் இது தெளிவு. மாத்திரைக்கு அப்படி ஒரு பிடி இல்லை. ‘அடுத்த திங்கள்’ 11-ஆ 18-ஆ? சீட்டில் 11 என்று இருந்தது. இல்லாவிட்டால் போய்க் கேட்டிருக்க வேண்டும். ஊகித்துத் தேதி போடுவதைவிட அந்த வரியை அரை நாள் தள்ளி அனுப்புவது மேல். ‘நாளை’, ‘அடுத்த வாரம்’, ‘விரைவில்’ ஆகிய சொற்கள் அறிக்கையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது என் கறார்.

கடைசி நாள் ஏற்கெனவே போய்விட்ட அறிவிப்பு வந்தால்? பஸ் பாஸ் போட்டோ செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டியது. செவ்வாயும் வராத பிள்ளைக்கு ‘ஆகஸ்ட் 5-க்குள்’ என்று எழுதினால் ‘போச்சு’ என்றுதான் பொருள். பெரிய டீச்சரிடம் கேட்டதில், வராதவர்கள் பள்ளிக்கு வரும் முதல் நாளில் கொடுக்கலாம் என்றார். அந்த வரி மைதானத்தில் பேசப்படவில்லை. ஆனாலும் வராதவர்களுக்கான அறிக்கையில் அதுதான் இருக்க வேண்டும். மாத்திரையிலும் இதே கதை. விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்துத் தனி நாள் வைப்பதே இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். அதனால் 18-ஆம் தேதியை ஒட்டுச் சொல்லாகப் போடாமல் தனி வாக்கியமாகப் போட வேண்டும்.

இனி இடது பத்தி. செய்தியைச் சுருக்கும்போது கை தானாக எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘நீர்நிலைகளில் மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும் எனத் தலைமையாசிரியை அறிவுறுத்தினார்.’ நாளிதழ்ச் செய்தி மாதிரி அழகாக இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. இதைப் படித்த பிள்ளைக்கு ஆற்றைப் பற்றி என்ன புதிதாகத் தெரிந்தது? பேசினார் என்ற தகவல் தெரிந்தது, பேசியது தெரியவில்லை. பெரிய டீச்சர் சொன்னதில் மூன்று கெட்டியான விஷயங்கள் இருந்தன. தண்ணீர் நிறைந்ததும் மணல் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. பெரியவர் இல்லாமல் இறங்கக் கூடாது. மூழ்குகிறவனைக் காப்பாற்ற நீ குதிக்காதே, கரையிலிருந்து எதையாவது நீட்டு, கத்து. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒருவனைக் காப்பாற்றப் போய் இன்னொருவனும் சேர்ந்து போவது இந்தப் பக்கத்துக்குப் புதிது இல்லை. அதை விட்டுவிட்டு ‘கவனமாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் பேச்சையே தூக்கிப் போட்ட மாதிரி.

அவர் வாய்மொழியில் ஒரு வரியை அப்படியே வைப்பேன். ஒன்று போதும். மூன்று பையன்களின் பெயர் கிடையாது. ‘சில மாணவர்கள் பாலத்திலிருந்து குதித்ததைக் கண்டித்தார்’ என்றுகூட வேண்டாம். சின்ன ஊரில் ‘சில மாணவர்கள்’ யார் என்று எல்லாருக்கும் தெரியும். குறள், செய்தி வாசிப்பு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அறிக்கைக்கு வெளியே.

இப்படி வந்த அறிக்கை:

“ஆகஸ்ட் 4, திங்கள் பிரேயர்: வராதவர்களுக்கு

செய்ய வேண்டியவை

8-ஆம் வகுப்பு மட்டும்: என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுத விரும்புவோர் ஆகஸ்ட் 8, வெள்ளிக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கவும். வருமானச் சான்று இப்போது வேண்டாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த ரசீது போதும்.

பஸ் பாஸுக்குப் போட்டோ கொடுக்காதவர்கள்: பள்ளிக்கு வரும் முதல் நாளே வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும்.

எல்லாருக்கும்: ஆகஸ்ட் 11, திங்கள் குடற்புழு நீக்க மாத்திரை. அன்று வர முடியாதவர்களுக்கு ஆகஸ்ட் 18, திங்கள் தரப்படும். காய்ச்சல் இருந்தால் ஆசிரியரிடம் முன்னரே சொல்லவும்.

எல்லாருக்கும்: ஆகஸ்ட் 15, வெள்ளி சுதந்திர தினக் கொடியேற்றம். காலை 8.00 மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். டிரில்லில் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட் 6, புதன் முதல் மாலையில் பயிற்சி, பி.இ.டி. சாரைப் பார்க்கவும்.

பெரிய டீச்சர் சொன்னது

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மணல் எடுத்த பள்ளங்கள் இப்போது வெளியே தெரியாது: ‘எங்க பள்ளம்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.’ பெரியவர்கள் கூட இல்லாமல் இறங்காதீர்கள். யாராவது மூழ்கினால் நீங்கள் குதிக்காதீர்கள். கரையில் நின்று கயிறு, துண்டு, கம்பு எதையாவது நீட்டுங்கள், கத்திப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.”

பேசிய வரிசை இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மைதானத்தில் செய்தி முதலில் வந்தது, அறிவிப்பு பின்னால். இங்கே தலைகீழ். வீட்டில் போனைத் திறப்பவர் முதலில் தேடுவது ‘நம்ம பிள்ளை ஏதாவது கொடுக்கணுமா’ என்பதைத்தான். ஒவ்வொரு அறிவிப்பும் யாருக்கு என்பதில் தொடங்குவதும் அதற்காகவே. ஆறாம் வகுப்பு அப்பா முதல் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். அறிவிப்பிலும் கடைசி நாள் எது முதலில் வருகிறதோ அது மேலே. பஸ் பாஸ் மட்டும் தேதி இல்லாமல் நிற்கிறது, அது வேண்டுமென்றே. காய்ச்சல் வரி பேச்சில் இல்லை. உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அன்றைக்கு மாத்திரை கொடுப்பதில்லை என்பதால், பெரிய டீச்சரிடம் கேட்டுச் சேர்த்தது. இப்படிச் சேர்ப்பதென்றால் அவரிடம் காட்டாமல் அனுப்பக் கூடாது. மொத்த அறிக்கையையும் அவர் ஒரு முறை பார்ப்பது எப்படியும் நல்லது. இரண்டு நிமிட வேலை.

வகுப்புக்கு ஓர் அறிக்கையா, பள்ளிக்கே ஒன்றா என்ற கேள்வியும் வந்தது. ஐந்து வகுப்புக்கு ஐந்து எழுதினால் ஐந்திலும் தேதி சரியாக இருக்க வேண்டும். திருத்தம் வந்தால் ஐந்திலும் மாற்ற வேண்டும். ஒன்றே போதும். ‘8-ஆம் வகுப்பு மட்டும்’ என்ற முன்சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்ப வேண்டும். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் மங்கும், பழைய போனில் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. அப்புறம், ஸ்மார்ட்போன் இல்லாத வீடு ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அதே தெருவில் இருக்கும் பிள்ளை கையில் ஒரு தாள் கொடுத்துவிடுகிறோம். கடைசி நாள் இரண்டு மூன்று நாளில் இருந்தால் தாளை நம்ப வேண்டாம். வகுப்பாசிரியர் போனில் கூப்பிட்டு அந்த ஒரு வரியைச் சொல்லிவிடுவது பாதுகாப்பு. ஆகஸ்ட் 4 அறிக்கையில் அப்படிச் சொல்ல வேண்டியது என்.எம்.எம்.எஸ். ஒன்றுதான். எட்டாம் வகுப்பில் வராதவர்களுக்கு மட்டும் என்பதால் விரல் விட்டு எண்ணும் அளவே அழைப்புகள்.

அனுப்பிய பிறகு தேதி மாறுவதும் உண்டு. அப்போது பழைய அறிக்கையைக் குழுவிலிருந்து அழித்துவிட்டுப் புதியதைப் போடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. முதலில் படித்தவர்களுக்கு எது மாறியது என்று தெரியாது. தெருவுக்குப் போன தாளை அழிக்கவும் முடியாது. புதிய அறிக்கையின் முதல் வரியிலேயே, ‘திருத்தம்: கொடியேற்றத்துக்கு வர வேண்டிய நேரம் 8.00. முன்பு 8.30 என்று சொல்லப்பட்டது’ என்று பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுவிட வேண்டும். மாறாத மற்ற அறிவிப்புகளை அதில் திரும்ப எழுத வேண்டாம்.